திருத்தணியில் காணாமல் போன மூன்று நாள் வெயில்

மே மாதம் செய்தி கேட்டால், வெயில் அதிகம் அடித்த ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வரும். சென்னையைப் பிற்பகலில் குளிர்விக்கும் கடற்காற்று அங்கே வந்து சேர நேரமாகும். சில நாள் வரவே வராது. மாலையில் இடிமழை பெய்தால் மறுநாள் வெயில் சட்டென்று தணிந்துவிடும்.

அங்கே ஒரு பள்ளி மாடியில் வெப்ப உணரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் அதிகபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்கிறது. திங்கள் 41 டிகிரி செல்சியஸ். பிறகு பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிய பேட்டரி போட்டபின் வெள்ளிக்கிழமை 37. நடுவே மூன்று நாள் காலி.

நிரப்ப ஒரு வழி, கடைசியாகத் தெரிந்த எண்ணையே நீட்டுவது: 41, 41, 41. இதை ஃபார்வர்ட் ஃபில் என்பார்கள். இன்னொரு வழி இடைச்செருகல். 41-க்கும் 37-க்கும் வித்தியாசம் 4. கடக்கவேண்டிய நாளும் 4. ஆகவே தினம் ஒரு டிகிரி குறைத்து 40, 39, 38 என்று எழுதலாம்.

உண்மையில் அந்த நாட்களில் 43, 42 என்று வெயில் ஏறி, புதன் மாலை மழை பெய்து, வியாழன் 36 ஆகியிருந்தால்? திங்கள் முதல் வெள்ளி வரை 40-ஐத் தொட்ட நாட்கள் மூன்று. முதல் வழி நான்கு என்கிறது, இரண்டாவது வழி இரண்டு என்கிறது. அந்த வாரத்தின் உச்சமான 43 இரண்டிலுமே இல்லை. நேர்கோட்டில் செருகும் எண் இரு முனைகளைத் தாண்டவே தாண்டாது. அதனால் இடையில் வந்த உச்சம் மறைந்துபோகும்.

இடைச்செருகலுக்கு வெள்ளிக்கிழமை எண் வேண்டும். புதன்கிழமையே பதில் சொல்ல வேண்டுமென்றால் அது உதவாது; பழைய எண்ணை நீட்டுவதுதான் அப்போது கைகொடுக்கும். ஆனால் அதில் வேறோர் ஆபத்து: உணரி பழுதானதே வெளியே தெரியாது. 41.2, 41.2, 41.2 என்று புள்ளிக்குப் பின்னும் மாறாமல் வந்தால் சந்தேகப்படுங்கள். வெயில் அப்படி அடிக்காது.

மழைக்கு இரண்டுமே மோசம். திங்கள் 0, வெள்ளி 60 மில்லிமீட்டர் என்றால், இடைச்செருகல் நடுவே 15, 30, 45 என்று எழுதும். பெய்யாத 90 மில்லிமீட்டர் மழை கணக்கில் ஏறிவிடும்! திங்கள் 60 பெய்து பிறகு வானம் வெளுத்திருந்தாலோ, எண்ணை நீட்டும் வழி 180-ஐக் கூட்டிவிடும். நேற்றைய வெயிலுக்கும் இன்றைய வெயிலுக்கும் உறவு உண்டு. மழை அப்படி நாளுக்கு நாள் தொடர்ந்து வருவதில்லை. பக்கத்துப் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை மழைமானிகள் என்ன காட்டின என்று பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் காலியாகவே விடுவது நல்லது.

எந்த வழி பொருந்தும் என்று சோதிக்கவும் முடியும். எண் தெரிந்த மூன்று நாட்களை மறைத்துவிட்டு, இரண்டு வழியிலும் நிரப்பி, எது உண்மைக்கு அருகில் வருகிறது என்று பாருங்கள். ஒரே வாரத்தோடு நிறுத்தாமல் வெவ்வேறு வாரங்களில் செய்யுங்கள். நிரப்பிய எண்ணுக்குப் பக்கத்தில் ‘நிரப்பியது’ என்று ஒரு குறியும் போட்டு வையுங்கள்.