யார் கையில் எந்தப் பாக்கெட்?

“வயிற்றுப்போக்கு பத்தி ஒரு விழிப்புணர்வு வீடியோ வேணும். அனிமேஷன்ல, சிம்பிளா, எல்லாருக்கும் புரியற மாதிரி, ஒரு நிமிஷத்துக்குள்ள.” குழந்தைகள் நலனுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம் அனிமேஷன் ஸ்டுடியோவிடம் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். இதில் எந்தச் சொல்லும் தவறில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு ஷாட்கூட வரைய முடியாது. இந்த இடத்தில் பெரும்பாலான ஸ்டுடியோக்கள் கேட்கும் கேள்விகள் ஸ்டைல் பற்றியவை: 2டியா, 3டியா? கார்ட்டூன் முகமா, ஐகான்களா? ரெஃபரன்ஸ் வீடியோ இருக்கிறதா? இவற்றுக்கு வாடிக்கையாளர் உற்சாகமாகப் பதில் சொல்வார்; திட்டம் மட்டும் ஓர் அங்குலமும் நகராது. முதலில் கேட்க வேண்டியது பார்ப்பவரைப் பற்றி. அவர் இப்போது என்ன செய்கிறார், அதில் எது தவறாகிறது, வீடியோ முடிந்ததும் அவர் கை என்ன செய்ய வேண்டும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நீளம், ஒலி, ஸ்டைல் எல்லாம் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும் என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம்.

அந்த நிறுவனத்திடமே இதைக் கேட்டுப் பார்ப்போம். “யார் பார்க்கப்போகிறார்கள்?” என்றால் “பொதுமக்கள்” என்று பதில் வரும். அங்கே நிறுத்தக் கூடாது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய், அவர் வேலைக்குப் போனால் பாட்டி என்று பதில் தெளிவாகும். “அவர்கள் இப்போது எங்கே தவறுகிறார்கள்?” என்று கேட்டால், களத்தில் வேலை செய்பவர் சொல்வார்: “ஓஆர்எஸ் பாக்கெட் கொடுத்தா, அதை ஒரு டம்ளர் தண்ணியில கலக்கிடறாங்க.” முதல் வரியில் இல்லாத வீடியோ இந்தப் பதிலில்தான் பிறக்கிறது. அடுத்த கேள்வி: அவர்கள் கையில் இருப்பது எந்தப் பாக்கெட்? ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டும் உண்டு, 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் கடைகளில் கிடைக்கிறது. லிட்டர் பாக்கெட்டை 200 மில்லி டம்ளரில் கொட்டினால் கரைசல் ஐந்து மடங்கு அடர்த்தியாகிவிடும். அவ்வளவு உப்பு குழந்தைக்கு ஆபத்து. ஆகவே, அழகுக்காக ஒரு டம்ளரை வரைந்துவைக்கும் ஓவியர், தெரியாமலே தவறான மருத்துவத்தைக் கற்றுக்கொடுத்துவிடுவார்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த வீட்டில் ஒரு லிட்டரை எதில் அளப்பார்கள்? “ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கலக்கவும்” என்று குரல் சொல்லிவிடலாம். ஆனால் சொம்பின் கொள்ளளவு வீட்டுக்கு வீடு மாறும். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லா வீட்டிலும் கிடக்கிறது என்று களப்பணியாளர் சொன்னால், அந்தப் பாட்டில்தான் வீடியோவின் முக்கியப் பொருள். அது கழுத்துவரை நிரம்புவதையும், பாக்கெட்டிலுள்ள தூள் மொத்தமும் உள்ளே போவதையும் வெட்டில்லாமல் ஒரே ஷாட்டில், க்ளோஸ்-அப்பில் காட்ட வேண்டும். ஸ்டைல் கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிட்டது. ஐகான்கள் போதாது, பாட்டிலும் பாக்கெட்டும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும், முகங்கள் எளிமையாக இருந்தால் போதும். “எங்கே ஓடும்?” என்ற கேள்வி ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் காத்திருப்பு அறையில், சத்தம் குறைத்துவைத்த டிவியில் ஓடும் என்றால், குரல் இல்லாமலே கதை புரிய வேண்டும். வாட்ஸ்அப்பிலும் போகும் என்றால், செங்குத்துச் சட்டத்துக்கும் பொருந்தும்படி முக்கியச் செயல் சட்டத்தின் நடுவில் நிகழ வேண்டும். இதை ஸ்டோரிபோர்டுக்கு முன் கேட்காவிட்டால், படம் முடிந்த பிறகு இருபுறமும் வெட்டும்போது பாட்டில் காணாமல் போகும்.

வாடிக்கையாளர் தரப்பில் வலுவான ஆட்சேபம் ஒன்று வரும்: “இவ்வளவு செலவு பண்றோம், கை கழுவுறது, தாய்ப்பால், துத்தநாக மாத்திரை, தடுப்பூசி, கழிப்பறை எல்லாத்தையும் சேர்த்துடுங்களேன்.” இது பேராசையல்ல, ஒவ்வொன்றும் உண்மையிலேயே தேவையான செய்தி. ஆனால் கணக்கு இடிக்கும். நிதானமாகப் பேசும் தமிழ்க் குரலுக்கு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ நூறு சொற்கள்தான் அடங்கும். ஓஆர்எஸ்ஸையும் சேர்த்து ஆறு செய்திகள் என்றால், ஒன்றுக்குப் பத்து விநாடி, பதினாறு சொற்கள். பாட்டில் நிரம்பும் ஷாட் மட்டுமே ஐந்தாறு விநாடி கேட்கும். எனவே “எது வேண்டாம்?” என்று கேட்பதைவிட, “பார்ப்பவருக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கும் என்றால் எது இருக்க வேண்டும்?” என்று கேட்பது நல்லது. விட்டுக்கொடுக்கச் சொன்னால் யாரும் தயங்குவார்கள்; தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயக்கம் குறையும்.

நினைவில் நிற்பதை அளவுகோலாக்கிய ஒரு பெரிய முன்னுதாரணம் வங்கதேசத்தில் உண்டு. 1980 முதல் 1990 வரை பிராக் அமைப்பின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், உப்பும் வெல்லமும் கலந்த கரைசலைத் தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை மட்டும் வைத்து அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு என்ன நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று சோதித்தார். அந்த முடிவைப் பொறுத்தே பணம். கற்றுக்கொண்ட பலரும் தேவைப்பட்ட நேரத்தில் கரைசலைப் பயன்படுத்தவில்லை என்பதும் தெரியவந்தது. காரணம் தேடியபோது, கற்பித்தவர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் வெளிப்பட்டன. நம் வாடிக்கையாளரிடமும் இதே கேள்வியை வைக்கலாம்: தாய் கரைசலைக் கலக்கத் தயாராக இருந்தாலும் வீட்டில் தடுப்பவர் யார்? “பாட்டிதான், தண்ணி குடுத்தா இன்னும் போகும்பாங்க” என்று பதில் வந்தால், பாட்டி படத்துக்குள் வந்தே ஆக வேண்டும். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுபவராக அவரையே ஆக்கிவிடலாம்.

“இத்தனை கேள்வி கேட்டால் வாடிக்கையாளர் எரிச்சலடைவார், கிரியேட்டிவ் ஆட்கள் நீங்கள்தானே என்பார்” என்றும் சொல்வதுண்டு. நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை அனுப்பினால் எரிச்சல் நியாயமே. ஆனால் மேலே பார்த்தவை ஏழெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றும் முந்தைய பதிலிலிருந்து முளைத்தது. அரை மணி நேரப் பேச்சில் முடிந்துவிடும். களத்தை அறிந்தவர் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அவர் இல்லாமல் நிர்வாகியிடம் மட்டும் கேட்டால், தெரியாததற்கும் பதில் சொல்லவேண்டிய சங்கடத்தில் அவரை மாட்டிவிடுகிறோம். அந்தப் பதில்களை நம்பி வரைவது ஊகத்தை நம்பி வரைவதுதான்.

பேச்சு முடிந்ததும் கையில் ஒரு பக்கத் திட்டம் இருக்கும். டம்ளரில் கலக்கப்போகும் தாயின் கையை நிறுத்துவது 8 விநாடி. பாட்டில், பாக்கெட், கலக்கல் 22 விநாடி. பாட்டி கரண்டியால் புகட்டுவது, குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுப்பது 15 விநாடி. எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது 10 விநாடி. கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும் என்பது 5 விநாடி. விடுபட்ட செய்திகள் அடுத்த வீடியோவுக்கு என்று அதே பக்கத்தில் எழுதிவைத்தால் வாடிக்கையாளருக்கும் நிம்மதி.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு பெயர் வேண்டும்: கடைசியில் சரி என்று சொல்லப்போகும் ஆளின் பெயர். நிறுவனத்தின் மருத்துவர்தான் அவர் என்றால், ஸ்கிரிப்டை முதலில் படிப்பவரும் அவராகவே இருக்கட்டும். பாட்டிலின் அளவு தவறு என்று அவர் ஸ்கிரிப்டில் கண்டுபிடித்தால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். அனிமேஷன் முடிந்த பிறகு கண்டுபிடித்தால் அந்த 22 விநாடியை முழுக்க மறுபடி செய்ய வேண்டும். அந்தப் பெயர் கிடைக்கும்வரை ஸ்டோரிபோர்டைத் தொடங்காதீர்கள்.