கடைசி பிட்டில் கவிழும் கணக்கு

ஆர்டுயினோ ஊனோ போர்டுகள் இரண்டு. இரண்டிலும் ஒரே சிப், ஒரே 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், புரோகிராமில் எழுதியிருப்பதும் ஒரே 115200 பாட் வேகம். ஆனாலும் ஒன்று 'A' என்று அனுப்பினால் மற்றதில் வேறு ஏதோ வந்து விழலாம். ஒயரைக் குறை சொல்வதற்கு முன் வகுத்தல் கணக்கைப் பார்க்க வேண்டும்.

யூஆர்ட் முறையில் தகவல் போக ஒரு கம்பிதான் உண்டு; கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லத் தனிக் கம்பி கிடையாது. சும்மா இருக்கும்போது கம்பி 1 நிலையில் நிற்கும். அது 0-க்கு இறங்கினால் 'தொடங்கிவிட்டேன்' என்று பொருள். இதுதான் ஸ்டார்ட் பிட். பின்னால் எட்டு தகவல் பிட்கள் வரும், கடைசி இலக்கம் முதலில். முடிவில் ஸ்டாப் பிட், அது எப்போதும் 1. பெறுபவர் அந்த முதல் இறக்கத்தைப் பார்த்ததும் தன் கடிகாரத்தை நம்பி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறார். நடுவே சரிபார்த்துக்கொள்ள வழியில்லாததால் சிறு பிழையும் பிட்டுக்குப் பிட்டு சேர்ந்துகொண்டே போகும். ஸ்டாப் பிட்டின் நடு, தொடக்கத்திலிருந்து ஒன்பதரை பிட் தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது அரை பிட் விலகியிருந்தால் பார்வை தவறான இடத்தில் விழும். ஆக, இருவருக்கும் இடையே உள்ள மொத்த வித்தியாசம் சுமார் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சிப் தன் கடிகாரத்தை முழு எண்ணால் மட்டுமே வகுக்கும். 115200 வேண்டுமென்றால் சாதாரண முறையில் 8.68-ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பதோ 9. `U2X0` என்ற பிட்டை 1 ஆக்கி இரட்டை வேக முறைக்குப் போனால் தேவை 17.36, கிடைப்பது 17.

```
16000000 / (16 × 9) = 111111   (-3.5%)
16000000 / (8 × 17) = 117647   (+2.1%)
```

தனித்தனியே பார்த்தால் இரண்டும் சமாளிக்கக்கூடியவை. ஆனால் இரட்டை வேகத்தில் அனுப்பி, சாதாரண முறையில் பெற்றால் வித்தியாசம் 5.9 சதவீதம். எட்டாவது தகவல் பிட்டைப் பார்க்கும் கணம், ஸ்டாப் பிட் தொடங்கும் எல்லையிலேயே விழுகிறது. 'A' என்பது 0x41. அதன் மேல் பிட் 0. அதை 1 என்று படித்துவிட்டால் 0xC1 ஆகிவிடும்.

ஸ்டாப் பிட்டைப் பார்க்க வேண்டிய கணத்தில் அனுப்புபவர் அதை முடித்தே விட்டிருப்பார். அடுத்த எழுத்து ஒட்டியபடி வந்தால், அங்கே அதன் ஸ்டார்ட் பிட்டான 0 தெரியும். 1 இருக்க வேண்டிய இடத்தில் 0. இதுதான் ஃப்ரேமிங் பிழை; சிப் `FE0` கொடியை உயர்த்தும். (பைட்டை எடுப்பதற்கு முன்பே அந்தக் கொடியைப் படித்துவிட வேண்டும்.) எழுத்துகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அனுப்பினால் கம்பி 1-லேயே நிற்பதால் கொடி எழாது, கெட்ட எழுத்து மட்டும் சத்தமில்லாமல் உள்ளே வரும். அதனால் கொடி எழவில்லை என்பதை வைத்து இணைப்பு சரி என்று முடிவுகட்டாதீர்கள். சோதிக்கும்போது நீண்ட வாக்கியத்தை இடைவிடாமல் அனுப்பிப் பாருங்கள்.

இரு பக்கமும் ஒரே முறையை வைத்தால் பிழையும் ஒன்றாகி, சிக்கல் தீரும். 9600-க்கு இறங்கினால் எந்த முறையிலும் பிழை 0.16 சதவீதம்தான். வேகம் குறையக் கூடாது என்றால் 250000 வைத்துக்கொள்ளலாம்: 16 மெகாஹெர்ட்ஸில் அது மீதியின்றி வகுபடுவதால், 115200-ஐவிட இரு மடங்குக்கும் மேல் வேகமாக இருந்தும் வகுத்தல் பிழை பூஜ்யம்.