ஓப்பனிங் வீடியோ கேட்கும் கடை, லைவ் வீடியோவை வைத்திருக்கிறதா?

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் ஒரு கடைக்குள் போய்ச் சேலை எடுப்பவர், துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பார்; நிறத்தில் சந்தேகம் வந்தால் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்; முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்பார். அதே சேலை லைவில் விற்கப்படும்போது இந்த மூன்று சோதனைகளும் வாங்குபவர் கையைவிட்டுப் போய்விடுகின்றன. துணியைத் தொடுபவர், வெளிச்சத்தைத் தீர்மானிப்பவர், எந்தப் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டுவது என்று முடிவுசெய்பவர் எல்லாம் விற்பவர்தான். அப்படியானால், சொன்னபடி பொருள் போனதா என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் பெரும்பகுதி அவர் பக்கம்தான் இருக்க வேண்டும். நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது. “பார்சல் ஓப்பனிங் வீடியோ இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் இல்லை” என்பது லைவ் வியாபாரத்தில் பரவலான நிபந்தனை. பணம் கட்டியதற்கு ஸ்கிரீன்ஷாட், பிரித்ததற்கு வீடியோ என எல்லா ஆதாரமும் வாங்கியவரிடமே கேட்கப்படுகிறது.

இந்த நிலைக்கு ஒரு காரணம், லைவுக்கும் பில்லுக்கும் நடுவே எந்த ஏற்பாடும் இல்லாததுதான். ஃபேஸ்புக் தன் லைவ் ஷாப்பிங் வசதியை 2022 அக்டோபரில் மூடியது. லைவில் பொருளை டேக் செய்யும் வசதியை இன்ஸ்டாகிராம் 2023 மார்ச்சில் நிறுத்தியது. சிறு கடைக்காரர்கள் கையில் மிஞ்சியது வெறும் வீடியோவும் வாட்ஸ்அப்பும். சேலையில் ஒரு எண் ஒட்டிக் காட்டுகிறார்கள். பார்ப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். “இருக்கு” என்று பதில் வந்ததும் பணம் கட்டுகிறார். ஒரே பீஸ் உள்ள கைத்தறிச் சேலைக்கு ஒரே நிமிடத்தில் நான்கு பேர் கேட்கும்போதுதான் முதல் சண்டை தொடங்குகிறது. கமென்டில் முதலில் கேட்டவருக்கா, முதலில் பணம் கட்டியவருக்கா? வாட்ஸ்அப்பில் செய்தி வந்த நேரம்தான் கணக்கு, இருபது நிமிடம் பிடித்து வைப்போம், அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்தவருக்கு என்று லைவ் தொடங்கும்போதே சொல்லிவிட்டால் இந்தச் சண்டை பெரும்பாலும் எழாது. சேலை காட்டுபவரே வாட்ஸ்அப்பையும் பார்க்கக் கூடாது. நோட்டு வைத்திருக்கும் இன்னொருவர் சொன்ன பிறகே “சோல்ட் அவுட்” என்று அறிவிக்க வேண்டும்.

அடுத்தது பணம். ஸ்கிரீன்ஷாட் என்பது வாங்குபவர் சொல்லும் தகவல் மட்டுமே. பணம் வந்ததற்குச் சாட்சி விற்பவரின் வங்கிக் கணக்கு. எடுத்துக்காட்டாக, 27 என்று எண் போட்ட சேலை 1,450 ரூபாய், கூரியருக்கு 70, மொத்தம் 1,520 என்று வைத்துக்கொள்வோம். அதே விலையில் முப்பது சேலை காட்டிய லைவில் முப்பது பேரும் 1,520தான் அனுப்புவார்கள். அதில் பாதிப்பேர் கணவரின் அல்லது மகனின் கணக்கிலிருந்து அனுப்பியிருப்பார்கள். தொகையையும் பெயரையும் வைத்து யார் கட்டியது என்று பிரிக்க முடியாது. இங்கேதான் பழைய ஸ்கிரீன்ஷாட்டும் திருத்திய ஸ்கிரீன்ஷாட்டும் நுழைகின்றன. ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அந்த எண் தன் கணக்கு விவரத்திலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பார்சல் கட்ட வேண்டும். பணம் அனுப்பும்போது குறிப்பில் சேலை எண்ணையும் ஃபோனின் கடைசி நான்கு இலக்கத்தையும் எழுதச் சொன்னால் தேடும் வேலை பாதியாகிவிடும். அதே சமயம், பணம் வரவில்லை என்ற உடனே வாடிக்கையாளரை மோசடிக்காரராகப் பார்ப்பதும் தவறு. அவர் கணக்கில் கழிந்து இங்கே ஏறாமல் நிற்பது உண்மையிலேயே நடக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, அப்படி நின்ற பணம் தனிநபர் கணக்குக்கு அனுப்பியதானால் மறுநாளுக்குள்ளும், வணிகக் கணக்குக்கு அனுப்பியதானால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு உண்டு. இரண்டாம் முறை கட்டச் சொல்லாமல் அதுவரை சேலையை எடுத்து வைப்பதே நியாயம்.

எக்ஸ்சேஞ்ச் வழக்குகளில் கடினமானது நிறம். பெரிய சிவப்புச் சேலை திரையை நிறைத்ததும் ஃபோன் கேமரா தானாகவே வெள்ளைச் சமநிலையை மாற்றிக்கொள்ளும். அரக்கு ஆரஞ்சாகத் தெரியலாம். ரிங் லைட் அதை இன்னும் வெளுப்பாக்கும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த சேலை, கையைத் திருப்பும் கோணத்துக்கேற்ப வேறு வேறாகத் தெரியும். பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா சேலைகளில் இந்த மயக்கம் கூடுதல். இதற்கு வழி இருக்கிறது. கேமராவின் வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டு, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் காட்டலாம். “பாவு கரும்பச்சை, ஊடை மஞ்சள்” என்று வாயால் சொல்லலாம். இழை விட்டிருந்தால், முடிச்சு தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சொல்லிவிடலாம். சொல்லி விற்ற குறையைக் காரணமாகக் காட்டி யாரும் பிறகு திருப்பிக் கேட்க முடியாது.

லைவில் சொல்லும் சொல்லுக்குச் சட்டத்திலும் எடை உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரி எந்த விதத்தில் உறுதியளித்திருந்தாலும் அந்தத் தரம் பொருளில் இல்லாவிட்டால் அதைக் குறைபாடு என்கிறது. “ப்யூர் சில்க்” என்று லைவில் சொன்னதும் உறுதிமொழிதான். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஓப்பனிங் வீடியோ இல்லை என்பதால் இந்த உரிமை அழிந்துவிடாது. பிடிக்கவில்லை, வேறு நிறம் வேண்டும் என்பது வேறு விஷயம். அதற்கு மாற்றித் தருவது கடையின் விருப்பம்.

வீட்டிலிருந்தபடி விற்கும் பெண்களிடமிருந்து வரும் மறுப்பு வலுவானது. ஒரு சேலை திரும்பினால் இருவழிக் கூரியரே லாபத்தைத் தின்றுவிடும். கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு டேமேஜ் என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டும் உண்மை. ஆனால் கட்டிய சேலையைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளரின் வீடியோவைவிட, மடிப்பின் குறுக்கே ஒட்டிய கிழியும் ஸ்டிக்கர் நன்றாக உதவும். அது கிழிந்திருந்தாலோ, ஃபால்ஸ் தைத்திருந்தாலோ, பிளவுஸ் துணி வெட்டியிருந்தாலோ விருப்ப எக்ஸ்சேஞ்ச் இல்லை என்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. ஓப்பனிங் வீடியோவுக்கும் ஒரு வேலை இருக்கிறது: பார்சலில் 27க்குப் பதில் 72 வந்ததை, வழியில் கிழிந்து நனைந்ததை அது காட்டும். நிறம் மாறியதையும், பட்டு என்று சொன்னது பட்டில்லை என்பதையும் அதில் பார்க்க முடியாது. அதற்கு லைவ் பதிவு வேண்டும். லைவ் முடிந்ததும் அழித்துவிடும் கடை, வாடிக்கையாளரின் ஆதாரத்தை மட்டுமல்ல, பொய்ப் புகாருக்கு எதிரான தன் ஆதாரத்தையும் சேர்த்தே அழிக்கிறது.

எனவே பதிவை எக்ஸ்சேஞ்ச் கெடு முடியும்வரையாவது, பில்லில் கெடு போடாதவர்கள் ஒரு மாதத்துக்கு மேலாகவும், வைத்திருக்க வேண்டும். ஆர்டர் உறுதிச் செய்தியில் “லைவ் 41ஆம் நிமிடம், எண் 27, பாவு கரும்பச்சை, முந்தானையில் ஒரு முடிச்சு காட்டப்பட்டது” என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இருந்தால் புகார் வரும்போது இருவரும் ஒரே நிமிடத்தைத் திரும்பப் பார்க்கலாம். அப்படியும் தீராவிட்டால் வாங்கியவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் அதே வரியை வாசித்துக் காட்டலாம். சுடிதார் மெட்டீரியலில் மட்டும் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். டாப்புக்கு இரண்டரை மீட்டர் என்று லைவில் சொன்ன துணியை, டெய்லரிடம் கொடுப்பதற்கு முன் வாங்கியவரே அளந்துவிட வேண்டும். கத்தரி பட்ட பிறகு எவ்வளவு வந்தது என்பதை லைவ் பதிவாலும் காட்ட முடியாது.