செலுத்துவாரா, செலுத்த வேண்டுமா?

வாடகை ஒப்பந்தத்தில் ‘ஷல்’ வரும் இடத்தில் ‘வாடகைதாரர் 5-ம் தேதிக்குள் செலுத்துவார்’ என்று எழுதினால், கடமை வெறும் எதிர்காலச் செய்தியாகிவிடும். ‘செலுத்த வேண்டும்’ என்பதே சரி. ‘மஸ்ட்’டுக்கும் அதுவே போதும். ‘மே’ உரிமை தருகிறது: ‘உரிமையாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்’. ஆனால் ‘மே நாட்’ வந்தால் ‘கூடாது’ என்றே எழுத வேண்டும். ‘செய்யாமலிருக்கலாம்’ என்பது தடையைச் சலுகையாக்கிவிடும்.

பெரிய சிக்கல் ‘டீம்ட்’. சட்டப்படி தபாலில் அனுப்பவேண்டிய அறிவிப்பைச் சரியான முகவரிக்குக் கட்டணம் செலுத்திப் பதிவுசெய்து அனுப்பினால், மாறாக நிரூபிக்கப்படாதவரை, அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது 1897-ம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27-வது பிரிவு. இங்கே ‘கருதப்படும்’ என்றால், யார் கருதுவது என்ற கேள்வி எழும்; ‘அதிகாரி கருதினால்’ என வரும் பிரிவுகளோடும் குழம்பும். அதனால் ‘கொள்ளப்படும்’ என்பதை ‘டீம்ட்’டுக்கே ஒதுக்கி, ஆவணம் முழுதும் மாற்றாமல் வைப்பேன்.