வரிசை உடைந்த இடம்

நூலகத்தில் இடம் மாறிப்போன புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். அது கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. பட்டியலும் இருப்பதாகவே காட்டுகிறது. ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பதால் யார் கைக்கும் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தை, அகரவரிசையில் விழுந்த ஓர் உடைப்பை வைத்து நூலகர் ஒருவர் கண்டுபிடிப்பதை ஒரு சிறுகதையாகச் சொல்லலாம். கதை கற்பனைதான், அதில் வரும் வேலை நூலகங்களில் அன்றாடம் நடப்பது.

ஒரு கிளை நூலகம். தமிழ்ப் புனைகதைகள் மட்டும் ஆயிரம் இருக்கும். பெரியவர் ஒருவர் மேசைக்கு வந்து, தி. ஜானகிராமனின் ‘மரப்பசு’ வேண்டும் என்கிறார். “கம்ப்யூட்டர்ல இருக்குன்னு காட்டுதும்மா. அங்க போய்ப் பார்த்தா இல்லை.” நூலகர் எழுந்து புனைகதைப் பகுதியின் கடைசி அடுக்குக்குப் போகிறார். ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்தை விட்டுவிட்டு, பெயரின் முதல் எழுத்தை வைத்து அடுக்குவது அந்த நூலகத்தின் வழக்கம். அதன்படி தி. ஜானகிராமன் ‘ஜானகிராமன், தி.’ ஆகிறார். ஜ தமிழ் அகராதி வரிசையில் ன-வுக்கும் பின்னால் வருவதால் அவருடைய நூல்கள் கடைசியில் நிற்கும். அங்கே ‘அம்மா வந்தாள்’, ‘செம்பருத்தி’, ‘மோகமுள்’ மூன்றும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. செம்பருத்திக்கும் மோகமுள்ளுக்கும் நடுவில் இருக்கவேண்டிய ‘மரப்பசு’வைக் காணோம்.

இந்த இடத்தில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் பயனில்லை. இல்லாத புத்தகம் தான் இல்லாததற்கு எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. பக்கத்துப் புத்தகங்கள் சாய்ந்து இடைவெளியை மூடிவிடுகின்றன. ஆனால் அதே புத்தகம் வேறெங்கோ தவறான இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. தடயம் இருப்பது அங்கேதான். ஆகவே நூலகர் தேடவேண்டியது ‘மரப்பசு’வை அல்ல, வரிசை எங்கே உடைந்திருக்கிறது என்பதை.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் வேறு வேறு வேலைகள். புத்தகத்தைத் தேடுகிறவரின் கண் அட்டையின் நிறத்தையும் பருமனையும் தேடி ஓடும். பொது நூலகங்களில் கைமாறிக் கைமாறி நைந்த புத்தகங்களுக்கு அட்டையைக் கழற்றிவிட்டு காலிகோ துணியில் பைண்டிங் போட்டுவிடுவார்கள். பிறகு எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே பச்சை. நினைவில் இருக்கும் அட்டைப்படத்தை வைத்துக்கொண்டு தேடுகிறவர் புத்தகத்தின் மேலேயே கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்துபோவார். வரிசையைப் படிக்கிறவருக்கு அட்டை தேவையில்லை. முதுகில் ஒட்டிய லேபிளின் எழுத்துகள் போதும்.

வரிசை சரியாக இருக்கும்வரை ஆயிரம் புத்தகங்களில் ஒன்றைப் பிடிக்கப் பத்துப் பார்வைகள் போதும். நடுவில் ஒன்றைப் பார்த்து, வேண்டியது அதற்கு முன்னா பின்னா என்று தீர்மானித்தால் பாதி கழிந்துவிடும். மிச்சத்தின் நடுவில் மறுபடி பார்த்தால் கால்பங்குதான் மிஞ்சும். இப்படிப் பத்துமுறை பாதியாக்கினால் ஆயிரம் ஒன்றாகிவிடும். ஆனால் இடம் மாறிய புத்தகத்துக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், ஆயிரத்தையும் ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டி வரலாம்.

கதைக்குத் திரும்பலாம். நூலகர் எடுத்த எடுப்பில் ஆயிரத்தையும் படிக்கத் தொடங்கவில்லை. இந்தத் தவறு எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்கிறார். வழக்கமான தவறு தலைப்பெழுத்தில் நடக்கும், ‘தி.’ என்பதைப் பெயரின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு யாராவது த வரிசையில் செருகியிருக்கலாம். அதனால் ச-வின் கடைசியிலிருந்து த, ந என்று படித்துப் பார்க்க முடிவு செய்கிறார். லேபிள்கள் மேல் விரலை ஓட்டியபடி படிக்கிறார்: சுந், சுஜா, செல், ஜான, ஜெய, தமி, நகு.

விரல் ‘தமி’யில் நிற்கிறது. ‘ஜெய’வுக்குப் பின்னால் ‘தமி’ வரக்கூடாது. ஆனால் அது ச. தமிழ்ச்செல்வனின் சிறுகதைத் தொகுப்பு. இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அனுபவமில்லாதவர் இந்த இடத்தில் ‘தமி’யை உருவி எடுத்துவிடுவார். வரிசையை முந்தியதோடு மட்டும் ஒப்பிட்டுப் படிக்கிறபோது, பின்னால் இருக்கவேண்டிய புத்தகம் முன்னால் வந்து நின்றால் அந்தப் புத்தகத்தில் கண் நிற்காது. செல்லுக்குப் பின் ஜான ஏறுவரிசைதான். ஜானவுக்குப் பின் ஜெயவும் ஏறுவரிசைதான். ஒரே தாவலில் அகரவரிசையின் கோடிக்கே போய்விட்டது என்பது உடனே உறைப்பதில்லை. அடுத்து வரும் குற்றமற்ற புத்தகம்தான் மாட்டிக்கொள்கிறது. இதற்கு நேர்மாறாக, க-வில் இருக்கவேண்டிய கல்கியின் நாவல் ப வரிசையில் நின்றால், ப-வுக்குப் பின் க என்று அந்தப் புத்தகத்திலேயே உடைப்பு தெரிந்துவிடும்.

ஆகவே உடைப்பைக் கண்டதும் செய்யவேண்டியது பின்னோக்கிப் போவது. ‘தமி’யை அதற்கு முன்னால் உள்ள ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். ஜெய? பொருந்தவில்லை. ஜான? பொருந்தவில்லை. செல்? சி.சு. செல்லப்பாவுக்குப் பின் தமிழ்ச்செல்வன்; சரியாகப் பொருந்துகிறது. அப்படியானால் நடுவில் நிற்கிற இரண்டும்தான் வேற்றாட்கள். நூலகர் ‘ஜான’வை உருவுகிறார். பச்சைக் காலிகோ. உள்ளே திறந்தால் ‘மரப்பசு’. பக்கத்தில் இருந்த ‘ஜெய’ ஜெயகாந்தனின் ஒரு தொகுப்பு. அது காணாமல்போனதே இதுவரை யாருக்கும் தெரியாது.

இரண்டும் தங்களுக்குள் சரியான வரிசையில் நின்றது கவனிக்கத்தக்கது. கைதவறிச் செருகிய புத்தகம் தனியாகத்தான் இருக்கும். ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்ட இரண்டு, ச-வுக்கும் த-வுக்கும் நடுவில் சேர்ந்தே வந்து நிற்கிறது என்றால் அடுக்கியவர் ஏதோ ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறார். தலைப்பெழுத்துக் குழப்பமும் இது அல்ல. அப்படியானால் ஒன்று ‘தி’யிலும் மற்றது ஜ-விலும் கிடந்திருக்கும். நூலகர் உதவியாளரைக் கூப்பிடுகிறார். “திரும்பி வந்த புத்தகத்தையெல்லாம் எந்த வரிசையில அடுக்கினே தம்பி?” பையன் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறான். “கம்ப்யூட்டர்ல பிரிண்ட் எடுத்த லிஸ்ட் இருக்கே அக்கா. அதைப் பார்த்துத்தான்.” அந்தத் தாளில் ச முடிந்ததும் ஜ, அதன் பின் ஞ, த என்று போகிறது.

பையன் தவறு செய்யவில்லை. கணினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. யூனிகோடில் ச U+0B9A, ஜ U+0B9C, ஞ U+0B9E, த U+0BA4. இந்த அமைப்பு மற்ற இந்திய மொழி எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் பொருந்தும்படி வகுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் ஜ-வின் இடம் ச-வுக்குப் பக்கத்தில். தமிழ் வரிசைக்கான விதிகள் தனியே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாத மென்பொருள் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கிவிடும். சொல்லின் முதலில் வரும் எழுத்துகளில் இதனால் பெரிதும் இடம்மாறுவது ஜ ஒன்றுதான். ஷ, ஸ, ஹ ஆகியவற்றின் குறியெண்கள் வ-வுக்குப் பின் வருவதால் அவை கடைசியிலேயே நிற்கும். ற, ன, ழ, ள ஆகியவையும் குறியெண்ணில் இடம்மாறியவைதான், ஆனால் அவற்றில் சொல் தொடங்குவதில்லை. சொல்லின் நடுவில் வரும்போது அவையும் தொல்லை தரும். தமிழ் வரிசையில் சுந்தர ராமசாமிக்குப் பின்தான் சுஜாதா. குறியெண் வரிசையில் சுஜாதா முந்திவிடுவார்.

பெயரைத் தட்டச்சு செய்வதிலும் இப்படி ஓர் உடைப்பு ஒளிந்திருக்கிறது. மௌனியின் பெயரில் முதலெழுத்து மௌ. ம வரிசையின் கடைசி எழுத்து அது. ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ள-வும் போட்டு ‘மெளனி’ என்று அடித்தாலும் திரையில் ஏறத்தாழ அப்படியே தெரியும். கணினிக்கு அது மெ-யில் தொடங்கும் பெயர். மே-க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். லேபிளைப் பார்க்கிற கண்ணுக்கு மே, மோ எல்லாவற்றுக்கும் முன்னால் மௌ நிற்பதுபோல் தெரியும். காரணம் புரியாமல் எத்தனை முறை சரிசெய்தாலும் பட்டியலைப் பார்த்து அடுக்குகிறவர் மறுபடி அங்கேயே வைப்பார்.

எல்லா நூலகங்களிலும் வரிசை அகரவரிசையாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது உருவாக்கி 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், இலக்கிய ஆசிரியரைக் குறிப்பது பிறந்த ஆண்டு. 1921-இல் பிறந்த தி. ஜானகிராமனின் புனைகதைக்கு O31,3N21. 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனுக்கு O31,3N06. O இலக்கியம், 31 தமிழ், 3 புனைகதை, N என்பது 1900-களின் குறி. இங்கே ஜ எங்கே வரும் என்ற கேள்வியே எழாது. படிக்கிறவர் எண்கள் ஏறுகின்றனவா என்று பார்ப்பார். டூயி முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ்ப் புனைகதை முழுவதும் 894.8113 என்ற எண்ணின்கீழ் வந்துவிடும். அதற்குள் ஆசிரியர்களைப் பிரிக்க எழுத்துகள்தான் துணை.

எண்ணும் எழுத்தும் சேர்ந்து வரும் லேபிளில் மேல்வரியை முதலில் படிக்கவேண்டும். சுந்தர ராமசாமியின் கட்டுரைத் தொகுப்பு ஒன்று அவருடைய நாவல்களுக்கு நடுவில் போய் நின்றால், எழுத்துகளை மட்டும் படிக்கிற கண்ணுக்கு எந்த உடைப்பும் தெரியாது. வரிசைப் படிப்புக்குத் தப்பிவிடும் புத்தகங்கள் இன்னும் சில உண்டு. முன்வரிசைக்குப் பின்னால் விழுந்துகிடப்பது அதற்குச் சிக்காது. அடுக்கிலிருந்து புத்தகங்களை முன்னுக்கு இழுத்துப் பார்க்கவேண்டும். லேபிள் கிழிந்துபோனதும் சிக்காது. யாரோ எடுத்துவந்து வாசிப்பு மேசையிலேயே விட்டுப்போனது சிக்கவே சிக்காது.

கதையில் நூலகர் ‘மரப்பசு’வைப் பெரியவரிடம் கொடுத்துப் பதிவு செய்கிறார். ஜெயகாந்தனைக் கடைசி அடுக்குக்கு அனுப்புகிறார். பிறகு அந்தத் தாளின் மேல் ‘ஜ கடைசியில்’ என்று சிவப்பு மையில் எழுதிப் பையனிடம் நீட்டிவிட்டு, இந்த வாரம் திரும்பிவந்த புத்தகங்களில் ஜ-வில் தொடங்கும் பெயர்கள் எத்தனை என்று பதிவேட்டைத் திறந்து எண்ணத் தொடங்குகிறார். ஜெயமோகனின் நாவல் ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது ச-வின் கடைசியில் இல்லை. கடைசி அடுக்கிலும் இல்லை. அவர் க-விலிருந்து படிக்கத் தொடங்குகிறார்.