புட் அதிகம் என்றால் பயம் அதிகமா?

பங்குச் சந்தை முடிந்த பிறகு தொலைக்காட்சியில் வர்த்தகச் செய்தி பார்க்கிறவர்களுக்கு "நிஃப்டி பி.சி.ஆர். 1.3" என்பது போன்ற வாக்கியம் பழகியிருக்கும். அதைக் கேட்ட ஒருவர், சந்தைக்குக் கீழே நல்ல ஆதரவு இருக்கிறது என்பார். அதே எண்ணைப் பார்த்த இன்னொருவர், எல்லோரும் பயந்துபோய் பாதுகாப்புத் தேடுகிறார்கள் என்பார். ஒரே எண்ணிலிருந்து எப்படி இரண்டு எதிரெதிர் முடிவுகள் வருகின்றன? ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இதை நாம் படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

முதலில் புட் என்றால் என்னவென்று தெரிந்துகொள்வோம். நிஃப்டி இன்று 25,000-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 24,500 புட் ஒன்றை வாங்குகிறீர்கள். அதன் காலம் முடியும் நாளில் நிஃப்டி 24,500-க்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அந்த வித்தியாசம் உங்களுக்குக் கிடைக்கும். இறங்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. இது வண்டிக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி. விபத்து நடந்தால் பணம் வரும், நடக்காவிட்டால் கட்டிய பிரீமியம் போனதுதான். சந்தையிலும் நீங்கள் கட்டும் அந்தத் தொகைக்குப் பிரீமியம் என்றே பெயர். 24,500 என்ற அந்த விலையை ஸ்ட்ரைக் என்பார்கள், காலம் முடியும் நாளை எக்ஸ்பைரி என்பார்கள்.

கால் ஆப்ஷன் இதற்கு நேர் எதிர். 25,500 கால் வாங்கியவருக்கு, நிஃப்டி 25,500-க்கு மேலே ஏறினால் ஏறிய அளவு கிடைக்கும். ஆக, சந்தை இறங்கினால் புட் வாங்கியவருக்கு லாபம், ஏறினால் கால் வாங்கியவருக்கு லாபம்.

இனி பி.சி.ஆர். கணக்கு மிக எளிது. புட் எண்ணிக்கையைக் கால் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் பி.சி.ஆர். ஆனால் எந்த எண்ணிக்கை என்பதில் இரண்டு வகை உண்டு. அன்று எத்தனை கைமாறின என்பது வால்யூம். இன்னும் முடிக்கப்படாமல் எத்தனை நிலுவையில் நிற்கின்றன என்பது ஓப்பன் இன்ட்ரஸ்ட். அமெரிக்காவில் பெரும்பாலும் வால்யூமை வைத்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டை வைத்துச் சொல்கிறார்கள். நிலுவையில் 130 லட்சம் புட், 100 லட்சம் கால் என்றால் பி.சி.ஆர். 1.3.

இப்போது எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருகிறோம். புட் என்பது இறங்குவதற்கான பந்தயம், எனவே புட் அதிகமாக இருந்தால் இறங்கும் என்று நினைப்பவர்கள் அதிகம் என்றுதான் மனம் உடனே கணக்குப் போடுகிறது. இதில் ஒரு பாதி விட்டுப்போகிறது. வாங்குகிறவர் ஒருவர் இருந்தால், அவருக்கு விற்றவர் ஒருவரும் இருக்கத்தான் வேண்டும். நிலுவையில் உள்ள 130 லட்சம் புட்டுக்கும், இறங்கினால் லாபம் பார்ப்பவர் ஒரு பக்கம் இருந்தால், இறங்காது என்று பிரீமியத்தை வாங்கிப் பையில் போட்டவர் மறுபக்கம் இருக்கிறார். ஓர் ஊரில் பாலிசிகளின் எண்ணிக்கை கூடியது என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு, மக்களுக்குப் பயம் கூடியதா, விபத்து நடக்காது என்ற தைரியத்தில் கம்பெனி மலிவாக விற்றதா என்று சொல்ல முடியுமா? முடியாது. பி.சி.ஆர். சொல்வதும் எண்ணிக்கையை மட்டும்தான்.

போதாததற்கு, வாங்கியவர் எல்லோரும் பயந்தவர்களும் அல்ல. ஒரு மியூச்சுவல் ஃபண்ட் மேலாளர் நிறையப் பங்குகளைக் கையில் வைத்திருக்கிறார், அவை ஏறும் என்றே நம்புகிறார். ஆனாலும் ஒருவேளை தவறிவிட்டால் என்ற முன்யோசனையில் கொஞ்சம் புட் வாங்கி வைக்கிறார். அவருடைய கணக்கில் புட் இருக்கிறது, நம்பிக்கையோ மேல்நோக்கி இருக்கிறது. அமெரிக்காவில் தனிப் பங்குகளுக்கான விகிதம் பொதுவாக ஒன்றுக்குக் கீழே இருக்க, குறியீடுகளுக்கான விகிதம் அதைவிட உயர்ந்தே இருப்பதற்கு இத்தகைய பாதுகாப்பு வாங்கல் ஒரு முக்கியக் காரணம்.

தொலைக்காட்சியில் கேட்ட இரண்டு குரல்களும் எங்கிருந்து வருகின்றன என்று இப்போது புரியும். இந்த விகிதத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் மார்ட்டின் ஸ்வைக். அந்த வழியில் வந்தவர்கள் வாங்குபவரைப் பார்க்கிறார்கள். கூட்டம் முழுக்கப் பயந்து புட் வாங்கி முடித்துவிட்டால், இனி விற்க யாரும் மிச்சமில்லை, ஆகவே சந்தை திரும்பும் என்பது அவர்கள் வாதம். நம் ஊர் ஆப்ஷன் வர்த்தகர்களோ விற்பவரைப் பார்க்கிறார்கள். விற்பதற்கு மார்ஜினாகப் பெரிய தொகை கட்ட வேண்டும், அதனால் விற்பவர் பெரிய கை, விஷயம் தெரிந்தவர், அவர் புட் விற்றிருக்கும் ஸ்ட்ரைக் சந்தைக்கு ஆதரவு என்பது இவர்கள் வாதம். இரண்டு வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் இன்று எது பொருந்தும் என்பதை 1.3 என்ற எண் சொல்லாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நேற்று நிஃப்டி 25,000. நிலுவையில் புட் 90 லட்சம், கால் 100 லட்சம், பி.சி.ஆர். 0.9.

முதல் கதை. இன்று நிஃப்டி 200 புள்ளி ஏறுகிறது. நேற்றுக் கால் விற்றவர்களுக்கு இப்போது நஷ்டம், அவர்களில் பலர் திரும்ப வாங்கிக் கணக்கை முடிக்கிறார்கள். கால் 90 லட்சமாகக் குறைகிறது. சந்தை மேலே வந்துவிட்டதால், 25,000 ஸ்ட்ரைக்கில் புட் விற்பது இப்போது பாதுகாப்பாகத் தெரிகிறது, அங்கே புதிதாக விற்கிறார்கள். புட் 117 லட்சமாகிறது. 117-ஐ 90-ஆல் வகுத்தால் 1.3.

இரண்டாம் கதை. இன்று நிஃப்டி 50 புள்ளிதான் இறங்குகிறது. ஆனால் நாளை ஒரு பெரிய அறிவிப்பு வரப்போகிறது. கால் வைத்திருந்தவர்களில் சிலர் விற்றுவிட்டு ஒதுங்குகிறார்கள், கால் 90 லட்சமாகிறது. பங்கு வைத்திருப்பவர்கள் 24,000, 24,200 என்று கீழே உள்ள ஸ்ட்ரைக்குகளில் போட்டி போட்டுப் புட் வாங்குகிறார்கள். புட் 117 லட்சமாகிறது. இங்கேயும் அதே 1.3.

முதல் கதையில் இருந்தது தெம்பு, இரண்டாம் கதையில் இருந்தது பதற்றம். விகிதம் மட்டும் இரண்டிலும் ஒன்றே. பிரித்துக் காட்டுவது பாலிசியின் விலைதான். எல்லோரும் முண்டியடித்து வாங்கினால் பிரீமியம் கூடும், விற்பவர்கள் முண்டியடித்தால் பிரீமியம் இறங்கும். சந்தை ஏறினாலே புட் விலை தானாகக் குறையும், நாள் கழியக் கழியவும் குறையும் என்பதால், வெறும் விலையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அந்த இரண்டையும் கழித்துவிட்டு ஆப்ஷன்கள் பொதுவாக மலிந்தனவா, விலையேறினவா என்று காட்டுவதற்குத்தான் தேசியப் பங்குச் சந்தை 'இந்தியா விக்ஸ்' என்ற குறியீட்டை வெளியிடுகிறது. புட் நிலுவை கூடி, விக்ஸ் இறங்கினால், விற்பவர்கள் முந்திக்கொண்டார்கள் என்று பெரும்பாலும் சொல்லலாம். புட் நிலுவை கூடி, விக்ஸும் ஏறினால், வாங்குபவர்கள் முந்திக்கொண்டார்கள்.

முதல் கதையில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. பி.சி.ஆர். உயர்ந்ததால் சந்தை ஏறவில்லை, சந்தை ஏறியதால்தான் பி.சி.ஆர். உயர்ந்தது. ஏறும் நாளில் கால் விற்றவர்கள் விலகுவதும், புட் விற்பவர்கள் மேல் ஸ்ட்ரைக்குக்கு நகர்வதும் வாடிக்கை. ஆகவே நடந்து முடிந்ததைத்தான் இந்த எண் பல நாட்களில் திருப்பிச் சொல்கிறது. நாம் அதை நாளைய செய்தி என்று எடுத்துக்கொள்கிறோம். எக்ஸ்பைரி நாளிலும் இதே கவனம் வேண்டும். அன்று மாலையோடு அந்த வாரத்து ஆப்ஷன்கள் எல்லாம் கணக்கிலிருந்து மறையும். மறுநாள் விகிதம் வேறாக இருக்கும், அதற்காக யாருடைய மனமும் மாறியிருக்க வேண்டியதில்லை.

சரி, விற்பவர்கள்தான் முந்தினார்கள் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் போதுமா? 2024 ஜூன் 4-ஐ நினைத்துப் பார்ப்போம். அதற்கு முந்தைய நாள், தேர்தல் கருத்துக்கணிப்புகள் தந்த உற்சாகத்தில் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263.90-இல் முடிந்திருந்தது. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான அன்று 1,379 புள்ளி சரிந்து 21,884.50-இல் முடிந்தது, ஏறக்குறைய 6 சதவீதம். முந்தைய நாள் 22,500 புட் விற்றவருக்கு அந்த ஸ்ட்ரைக் 760 புள்ளி கீழே, பத்திரமான தூரத்தில் இருந்தது. மறுநாள் முடிவில் நிஃப்டி அதற்கும் 600 புள்ளிக்கு மேல் கீழே போய்விட்டது. இப்படிப்பட்ட நாளில் புட் விற்றவர்கள் நஷ்டத்தைக் கட்டுப்படுத்த, விற்ற புட்டைத் திரும்ப வாங்க வேண்டும் அல்லது ஃப்யூச்சர்ஸை விற்க வேண்டும். இரண்டுமே வீழ்ச்சியை வேகப்படுத்தும். அதிகம் பேர் புட் விற்றிருந்த இடம் சந்தையைத் தாங்கவும் செய்யலாம், அது உடைந்தால் அதே கூட்டமே கீழே தள்ளவும் செய்யலாம்.

அப்படியானால் இந்த எண்ணை ஒதுக்கிவிடலாமா என்றால், வேண்டாம். நான்கு கேள்விகளோடு சேர்த்துப் படித்தால் அது பயன் தரும். இது வால்யூமா, ஓப்பன் இன்ட்ரஸ்ட்டா, எந்த எக்ஸ்பைரிக்கு உரியது? மாறியது புட் எண்ணிக்கையா, கால் எண்ணிக்கையா? எந்த ஸ்ட்ரைக்கில் கூடியது? அந்த நேரத்தில் நிஃப்டியும் விக்ஸும் எந்தப் பக்கம் நகர்ந்தன? கூடவே, 1 என்ற கோட்டை வைத்து அளக்காமல், அதே குறியீட்டின் கடந்த சில மாத விகிதங்களோடு ஒப்பிட வேண்டும். வழக்கத்தைவிட வெகுதூரம் விலகிய நாட்களில்தான் இந்த எண்ணில் கொஞ்சம் சேதி இருக்கும்.

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று செபியே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. ஆகவே அடுத்த முறை "பி.சி.ஆர். 1.3, வாங்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்தப் புட்டை முந்திக்கொண்டு விற்றது யார், வாங்கியது யார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வராதவரை உங்கள் பணத்தை அந்த எண்ணின் மேல் வைக்காதீர்கள்.