காலரில் நிற்கும் லைன்

முழுக்கைச் சட்டையைத் தெருமுனைத் தையல்காரர் ஒருவரே வெட்டித் தைத்து, பொத்தானும் வைத்துக் கொடுத்துவிடுவார். கார்மென்ட்ஸ் ஆலையில் அதே சட்டை நாற்பது, ஐம்பது வேலைகளாகப் பிரிந்துவிடும். பாக்கெட்டின் வாயை மடித்து அடிப்பது ஒருவர் வேலை. அதை முன்பக்கத் துணியில் வைத்துத் தைப்பது இன்னொருவர் வேலை.

ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் எடுப்பார்கள். ஒரு சட்டைக்கு மொத்தம் 24 நிமிடம், லைனில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 36 விநாடி. எல்லோருக்கும் சரியாக அவ்வளவு வேலை அமைந்தால் மணிக்கு 100 சட்டை வரும். ஆனால் வேலைகள் அப்படி ஒரே அளவாகப் பிரிவதில்லை.

காலரையே பாருங்கள். கழுத்தில் காலரை ஏற்ற 50 விநாடி. ஏற்றியதை மடித்து மூடித் தைக்க 58 விநாடி. இரண்டுக்கும் ஆளுக்கொருவரைப் போட்டால், மூடுகிறவர் மணிக்கு 62தான் முடிப்பார். மற்றவர்கள் எவ்வளவு விரட்டித் தைத்தாலும் லைனிலிருந்து 62 சட்டைக்கு மேல் வராது. அவர் மெஷின் முன்னால் பண்டில்கள் குவியும். அவருக்கு அடுத்தவர் கை சும்மா இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அடைப்பு அங்கேதான். சூப்பர்வைசர் அந்த ஒருவரிடம் சத்தம் போடுவது வழக்கம். அவசரத்தில் காலர் முனை கோணி, பீஸ் திரும்ப வந்து, பிரித்துத் தைப்பதில் இன்னும் நேரம் போவதுதான் மிச்சம்.

இரண்டு வேலைக்கும் சேர்த்து 108 விநாடி, அதாவது மூன்று பேருக்கான வேலை. ஒருவர் ஏற்றுவதை மட்டும் செய்தால் மணிக்கு 72. இன்னொருவர் மூடுவதை மட்டும் செய்தால் 62. மூன்றாமவர் 28 ஏற்றி, 38 மூடினால் இரண்டிலும் நூறு ஆகிவிடும். அந்த மூன்றாமவர் எங்கிருந்து வருவார்? பாக்கெட் வாய் அடிக்க 16 விநாடி, யோக்கில் லேபிள் வைக்க 19 விநாடி. இரண்டும் சாதா மெஷின் வேலை என்பதால் ஒருவரே செய்யலாம். ஓர் ஆள் மிச்சம். அவருக்குக் காலர் வேலை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் எல்லோருக்கும் வருவதில்லை.

காலர் சரியானதும் குவியல் வேறிடத்துக்கு நகரும். பக்கத் தையலுக்கு 40 விநாடி என்றால் மணிக்கு 90தான். அதற்குத் தனி மெஷின் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதென்றால் இரண்டாவது தையல் ஆளைப் போட்டுப் பயனில்லை. பொதுவாகத் தையல் வேலையில் ஊசி ஓடும் நேரத்தைவிடத் துணியை எடுக்க, சேர்த்துப் பிடிக்க, அடுக்கத்தான் அதிக நேரம் போகிறது. ஒரு ஹெல்பர் முன்னும் பின்னும் சேர்த்து எடுத்துக் கொடுத்தால் அந்த நாலைந்து விநாடி மிச்சமாகும்.

இத்தனையும் செய்து வைத்த லைனில் காலர் ஆள் ஒருவர் லீவு போட்டால், மிஞ்சும் இருவர் எப்படிப் பங்கிட்டாலும் மணிக்கு 66ஐத் தாண்ட முடியாது. அதனால் ஒவ்வொரு லைனிலும் காலர் வேலை தெரிந்த நாலாவது ஆள் ஒருவரைப் பழக்கி வைக்காமல் டார்கெட் எழுதி மாட்டுவது வீண்.